மச்சான் கேட்கும் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்: ஊழியர்கள் நிறுவனப் பதிவுகளைத் தாமாகப் பகிர்வதற்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில், வீட்டுக் கூரைகளில் சோலார் பனல் பொருத்தும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். உரிமையாளரையும் சேர்த்து 11 பேர். அலுவலகப் பொறுப்போடு முகநூல் பக்கமும் என் கையில் இருக்கிறது. ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில், இனிமேல் ஒவ்வொரு பதிவையும் எல்லோரும் பகிர வேண்டும் என்று நான்தான் அறிவித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த வாரப் பதிவின் கீழ் பகிர்வு எண்ணிக்கை ஒன்பது என்று காட்டியது. உரிமையாளருக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான்.

இரண்டு வாரம் கழித்து, உப்புவெளியில் வேலை முடித்து வந்த பொருத்துநர் ஒருவர் கூரைப் படங்களைக் காட்டுவதற்காகத் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். விரல் தவறிப் பட்டு அவருடைய வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் திறந்துகொண்டது. அதில் எங்கள் பதிவு இருந்தது. பார்த்தவர்கள் இரண்டு பேர்: நானும் உரிமையாளரும். வட்ஸ்அப்பில் Only share with… என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் எங்கள் இருவரை மட்டும் தெரிவுசெய்து வைத்திருந்தார்.

"குறை நினைக்காதீர்கள் அக்கா" என்றார். "என் ஸ்டேட்டஸைப் பார்ப்பவர்கள் மாமா, மச்சான், கூடப் படித்தவர்கள். அவர்களுக்கு 'எமது பெருமைமிகு நிறுவனம்' என்று நான் எப்படிப் போடுவது? நான் அப்படிப் பேசுகிறவன் இல்லையே."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவரைப் பேச வைப்பதாக நினைத்துக்கொண்டு, நான் பேசியதையே அவர் வாயில் திணித்திருக்கிறேன். அன்றிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம் இதை வேறு விதமாகச் செய்து பார்த்திருக்கிறோம். அந்த ஒழுங்கைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும் என்று நம்புகிறேன்.

முதலில் கட்டளையைத் திரும்பப் பெறுங்கள்

ஊழியர்கள் இப்போது எப்படிப் பகிர்கிறார்கள் என்று பாருங்கள். முகநூலில் ஒரு பதிவின் பகிர்வு எண்ணிக்கையை அழுத்தினால், யார் யார் பகிர்ந்தார்கள் என்ற பட்டியல் வரும். எண்ணிக்கை ஒன்பது என்றிருக்க, பட்டியலில் மூன்று பெயர்கள்தான் இருந்தால், மற்ற ஆறும் உங்களுக்குக் காட்டாத வட்டத்துக்குள் பகிரப்பட்டவை. அது அவர்களின் உரிமை, துருவிப் போகாதீர்கள். ஆனால் எங்கள் பொருத்துநரைப் போல உங்களுக்கு மட்டும் காட்டுகிறவர்களும் இருப்பார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயத்தின் இன்னொரு அடையாளம் நேரம். எல்லாப் பகிர்வுகளும் கூட்டம் முடிந்த அரைமணி நேரத்துக்குள் விழுந்திருந்தால், அது பதிவுக்காகச் செய்த வேலை அல்ல, கூட்டத்துக்காகச் செய்த வேலை. கருத்துப் பெட்டியில் ஊழியர் எல்லோரும் வரிசையாக "சூப்பர்", "வாழ்த்துகள்" என்று எழுதியிருப்பதும் அப்படித்தான். வெளியாள் ஒருவர் அதை ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்.

முகநூல் நிறுவனமும் இதற்குக் கைகொடுப்பதில்லை. லைக் போடுங்கள், பகிருங்கள், நண்பரை டாக் செய்யுங்கள் என்று கெஞ்சும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக 2017 டிசம்பரில் அது அறிவித்தது. அடுத்த மாதமே, பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர்களும் உறவினர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு முன்னுரிமை தரப்போவதாகச் சொன்னது. ஊழியர் ஒருவருடைய பதிவின் கீழ் அவருடைய பெரியம்மா மகன் ஒரு கேள்வி கேட்டு, அவர் பதில் சொன்னால் அதற்குப் பெறுமதி இருக்கிறது. வெறுமனே அழுத்திய பகிர்வுப் பொத்தானுக்கு அந்தப் பெறுமதி கிடைப்பதில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்: இனிப் பகிர வேண்டியதில்லை, யார் பகிர்ந்தார் என்று யாரும் பார்க்கப்போவதில்லை. பிறகு ஒரு மாதம் இதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அந்த மாதம் பகிர்வு பூச்சியத்துக்கு இறங்கியது. உரிமையாளர் சங்கடப்பட்டார். ஆனால் எங்கள் உண்மையான நிலை எதுவென்று அந்தப் பூச்சியம்தான் காட்டியது.

பழைய பதிவுகளைச் சலித்துப் பாருங்கள்

அந்த ஒரு மாதத்துக்குள் கடைசி 20 பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதை யாராவது தன் மச்சானுக்குத் தனியாக அனுப்புவானா? எங்கள் இருபதில் பண்டிகை வாழ்த்துகள் எட்டு. உரிமையாளர் யாரோ ஒருவரோடு கைகுலுக்கும் படங்கள் ஐந்து. மிச்சம் பெரும்பாலும் விலைக்கழிவு அறிவிப்புகள். சோதனையில் தேறியவை இரண்டுதான். ஊழியர்களுக்கு ஆர்வம் இல்லை என்று குறைப்பட்ட எனக்கு, பகிரும்படியாக எதையும் நாங்கள் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கேள்விப் புத்தகம் ஒன்று வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

சோலார் வேலை செய்கிறவன் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், சாப்பிட்டு எழும்புவதற்குள் மூன்று பேராவது பிடித்துக்கொள்வார்கள். "கரண்ட் போனால் இது வேலை செய்யுமா?" "மாரியில் என்ன செய்வீர்கள்?" "கடற்காற்றில் துருப்பிடிக்காதா?" வருடக்கணக்காக அதே கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மருந்தகத்தில் வேலை செய்கிறவருக்கும், தச்சுப்பட்டறையில் வேலை செய்கிறவருக்கும், படகு எஞ்சின் திருத்துகிறவருக்கும் இப்படிச் சில கேள்விகள் இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பதிவு இருந்தால், அதைப் பகிர்வது நிறுவனத்துக்குச் செய்யும் உதவியாக அவர்களுக்குத் தோன்றாது. தங்கள் வாயின் வேலையைக் குறைக்கும் ஒன்றாகத் தோன்றும்.

அதனால் களஞ்சிய அறை வாசலில் 80 பக்கக் கொப்பி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம். விதி ஒன்றே ஒன்று: வேலை நேரத்துக்கு வெளியே யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால், கேட்டபடியே எழுதிவைக்க வேண்டும். பெயர் தேவையில்லை, எழுத்துப்பிழை பார்ப்பதில்லை. எழுத விருப்பமில்லாதவர் என்னிடம் வாயால் சொல்லலாம். மூன்று வாரத்தில் 26 கேள்விகள் சேர்ந்தன. அவற்றில் ஏழு, ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்: மின்வெட்டில் பனல் வேலை செய்யுமா?

இதற்கான நேர்மையான பதில் பலருக்குத் தெரியாது. பொது மின்விநியோகக் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பில், கரண்ட் போனதும், பனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றும் இன்வேர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் ஓடி, அதைத் திருத்திக்கொண்டிருக்கும் தொழிலாளியைத் தாக்கிவிடும். வெளியே வெயில் கொளுத்தினாலும் வீட்டில் மின்விசிறி சுழலாது. சுழல வேண்டுமென்றால் பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் வேண்டும், செலவும் கூடும். விற்பனைப் பேச்சில் இதை அமுக்கிச் சொல்வதே வழக்கம். நாங்கள் இதைப் பதிவின் முதல் வரியிலேயே போட்டோம்: "இல்லை, வேலை செய்யாது." நாங்கள் யாரிடமும் எதுவும் கேட்காமலே நான்கு ஊழியர்கள் அதைப் பகிர்ந்தார்கள். மறைத்து விற்கும் நிறுவனத்தின் ஆள் என்று தன் ஊருக்குள் பெயரெடுக்க யாருக்கும் விருப்பமில்லை. நேர்மையான பதில் கையில் இருந்தால், அதைக் காட்ட அவர்கள் தயங்குவதில்லை.

மூலப்பொருளைக் கொடுங்கள், வசனத்தைக் கொடுக்காதீர்கள்

பகிர்வு செயற்கையாக ஒலிப்பதற்கு முக்கிய காரணம், அலுவலகம் எழுதிய வசனத்தை ஊழியர் ஒட்டுவதுதான். நாங்கள் இப்போது கொடுப்பவை மூன்று: ஒரு படம், சரிபார்த்த இரண்டு தகவல்கள், சொல்லக்கூடாத ஒன்று. வசனம் அவரவருடையது.

ஒரு உதாரணத்தை முழுமையாகச் சொல்கிறேன். டச்சுக் குடாப் பக்கத்தில் ஒரு வீட்டில், மூன்று வருடத்துக்கு முன் நாங்களே பொருத்திய அமைப்பைப் பராமரிக்கப் போனபோது, சட்டகத்தைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் சில துருவேறிப் பருத்துப்போயிருந்தன. அவை துத்தநாகப் பூச்சுப் போல்ட்டுகள். கடற்கரைக்கு அவை போதாது. எல்லாவற்றையும் எங்கள் செலவில் கழற்றி, 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினோம். சாதாரணமாகக் கிடைக்கும் 304 தரத்தைவிட இது உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும், விலையும் கூட. மூத்த பொருத்துநர், பழைய போல்ட்டையும் புதியதையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்திருந்தார். துருத்தூள் ரேகைகளுக்குள் இறங்கியிருந்தது. அந்தப் படத்தில் இருப்பது எங்கள் தவறு. அதைப் போடலாமா என்று உரிமையாளர் இரண்டு நாள் யோசித்தார், பிறகு சம்மதித்தார்.

முன்பு என்றால் நான் இப்படி எழுதியிருப்பேன்: "தரத்தில் சமரசம் செய்யாத எமது நிறுவனம், கடற்கரைச் சூழலுக்கேற்ற உயர்தரச் சேவையை வழங்குவதில் பெருமையடைகிறது." இம்முறை ஊழியர் வட்ஸ்அப் குழுவில் படத்தையும் இரண்டு தகவல்களையும் மட்டும் போட்டேன். தகவல்கள்: இது மூன்று வருடத்தில் துருவேறிய துத்தநாகப் பூச்சு, இது 316 தரம். சொல்லக்கூடாதது: அந்த வீடு யாருடையது என்பது. மூத்த பொருத்துநர் எழுதியது இதுதான்:

"இது நாங்கள் போட்ட போல்ட். மூன்று வருடத்தில் இப்படி ஆகிவிட்டது. கடலுக்குக் கிட்ட வீடு என்றால் 316 என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான். இரண்டாம் முறை கூரையில் ஏற வேண்டி வராது."

நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. எனக்குக் கை பரபரத்தது, ஆனாலும் சேர்க்கச் சொல்லவில்லை. அவர் எங்கே வேலை செய்கிறார் என்பது அவரை அறிந்த எல்லோருக்கும் தெரியும். கேட்க வேண்டியவர்கள் அவரிடமே கேட்டார்கள். திருக்கடலூரில் படகு வைத்திருக்கும் ஒருவர், தன் எஞ்சின் தாங்கிக்கும் இதே போல்ட் சரிவருமா என்று கேட்க, பதிவின் கீழ் நீண்ட உரையாடலே நடந்தது.

எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். வாக்கியத்தை அழகுபடுத்தாதீர்கள். தகவல் பிழை இருந்தால் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் மொழி விடயமும் இருக்கிறது. சிங்களம் பேசும் மின்னிணைப்பாளர் ஒருவர் எங்களோடு இருக்கிறார். ஆரம்பத்தில் என் தமிழ்ப் பதிவை மொழிபெயர்த்து அவருக்குக் கொடுத்தேன், அவர் ஒருநாளும் போடவில்லை. படத்தை மட்டும் கொடுத்தபோது தன் மொழியில் இரண்டு வரி எழுதினார். கிண்ணியாவிலிருந்து வரும் களஞ்சியப் பொறுப்பாளர் முகநூலே பாவிப்பதில்லை, ஆனால் குடும்ப வட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்தால் படத்தை அங்கே போடுகிறார். பக்கத்தின் எண்ணிக்கையில் அது வராது. அதுவும் பகிர்வுதான்.

எப்படிக் கேட்பது

பெரும்பாலும் கேட்கவே தேவையில்லை. குழுவில் போட்டுவிட்டு விட்டுவிடுங்கள். மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் போடாதீர்கள். குறிப்பிட்ட ஒருவர் செய்த வேலையைப் பற்றிய பதிவு என்றால் மட்டும் அவரிடம் தனியாகச் சொல்லலாம்: "அண்ணா, உங்கள் படத்தைப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். விருப்பமென்றால் உங்கள் பக்கத்திலும் போடுங்கள்." அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். உரிமையாளர் வாயால் இது வரவே கூடாது. சம்பளம் கொடுப்பவர் "விருப்பமென்றால்" என்று சொன்னாலும் அது கட்டளையாகத்தான் காதில் விழும்.

மறுப்பவருக்குக் காரணம் இருக்கும், அதை அவர் சொல்லத் தேவையில்லை. எங்கள் கணக்காளர் தங்கையின் முகநூலில் குடும்பத்தவர் மட்டுமே இருக்கிறார்கள். எங்கே வேலை செய்கிறார் என்பதை அந்நியர்கள் அறிவதை அவர் விரும்பவில்லை. அது அவருடைய பாதுகாப்பு. இன்னொருவர் அரச வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்.

பகிர்வுக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். கொடுத்த மறுநாளே அது விளம்பர வேலையாகிவிடும், வாசிப்பவர்களுக்கும் அது தெரிந்துவிடும். ஆனால் வேலைத்தளப் படங்களை அனுப்ப ஊழியரின் சொந்த டேட்டா செலவாகிறது. அதற்காகப் பகிர்பவர், பகிராதவர் என்று பார்க்காமல் கூரையில் ஏறும் எல்லோருக்கும் மாதாந்தம் ரீலோட் போட்டுக்கொடுக்கிறோம்.

தாண்டக்கூடாத கோடுகள்

வாடிக்கையாளரின் வீடு படத்தில் அடையாளம் தெரிந்தால் அனுமதி வேண்டும். வேலை முடிந்து கையெழுத்து வாங்கும் படிவத்திலேயே இதற்கு ஒரு தனி வரி சேர்த்திருக்கிறோம். வேண்டாம் என்றால் போல்ட், கம்பி, கை மட்டும் தெரியும் படங்கள் போதும்.

ஊழியர் பொதுக் குழுக்களில் எங்கள் நிறுவனத்தைச் சிபாரிசு செய்தால், "நான் அங்கேதான் வேலை செய்கிறேன்" என்று சொல்லியே தீர வேண்டும். சொந்த ஸ்டேட்டஸில் எல்லோருக்கும் தெரியும், பொதுக் குழுவில் தெரியாது. வாடிக்கையாளர் போல நடித்துப் புகழ்வது ஏமாற்று. வியாபாரத்தில் மக்களைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கிறது. கூகுள் மதிப்புரைகளிலும் ஊழியர்கள் தங்கள் நிறுவனத்துக்கு நட்சத்திரம் போடுவது கூகுளின் விதிக்கு முரண். ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுங்கள் என்று ஊழியர்களிடம் கேட்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது, தயவுசெய்து நிறுத்துங்கள்.

முறைப்பாடு வரும்போது என்ன செய்வது என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மின்வெட்டுப் பதிவைப் பகிர்ந்த இளம் பொருத்துநரின் பக்கத்தில், அவருடைய பள்ளித் தோழன் ஒருவன், "பொருத்தியும் பில் குறையவில்லை" என்று எழுதினான். தம்பி கோபத்தில் பதில் எழுதத் தொடங்கி, நல்லவேளையாக என்னிடம் கேட்டார். "வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்க்கச் சொல்கிறேன்" என்று மட்டும் எழுதினார். போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டு முருங்கை வளர்ந்து பிற்பகல் நிழல் பனலில் விழுந்துகொண்டிருந்தது. நிறுவனத்துக்காக வாதாடுவது ஊழியரின் வேலை அல்ல. விடயத்தை அலுவலகத்துக்குச் சேர்ப்பதோடு அவர் பொறுப்பு முடிகிறது.

எதை எண்ணுவது

லைக்குகளை எண்ணுவதை விட்டுவிட்டோம். தொலைபேசியில் பேசும் ஒவ்வொருவரிடமும், "எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லையே எழுதிவைக்கிறோம். "உங்கள் ஆள் ஒருவரின் ஸ்டேட்டஸில் பார்த்தேன்" என்று வந்தால் அந்த ஊழியரின் பெயரைக் குறிப்பதில்லை, பதிவின் இலக்கத்தை மட்டும் குறிக்கிறோம். பதிவில் போடும் வட்ஸ்அப் இணைப்பிலும் அந்த இலக்கத்தைச் சேர்க்கலாம்:

```
https://wa.me/94XXXXXXXXX?text=P7
```

94க்குப் பிறகு உங்கள் தொலைபேசி இலக்கத்தை முன்னால் உள்ள பூச்சியம் இல்லாமல் எழுத வேண்டும். அழுத்துபவரின் செய்திப் பெட்டியில் P7 என்று தானாக வந்து நிற்கும், ஏழாவது பதிவிலிருந்து வந்தவர் என்று தெரிந்துவிடும். சிலர் அதை அழித்துவிட்டு எழுதுவார்கள், பரவாயில்லை. ஊழியருக்கு ஒன்றாகத் தனித்தனி இணைப்புக் கொடுக்கும் ஆசை வரும். கொடுக்காதீர்கள். யார் எத்தனை பேரைக் கொண்டுவந்தார் என்ற பட்டியல் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தாலே பழைய கட்டாயம் திரும்பி வந்துவிடும்.

போல்ட் பதிவுக்குப் பின்னான ஆறு வாரத்தில் 14 புதிய விசாரிப்புகள் வந்தன. அவற்றில் ஐந்து பேர் போல்ட்டைக் குறிப்பிட்டார்கள், ஐவருமே கடலோர வீட்டுக்காரர்கள். பண்டிகை வாழ்த்துப் பார்த்து அழைத்ததாக இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இப்போது எங்களில் நான்கு பேர் அடிக்கடி பகிர்கிறார்கள், மூன்று பேர் எப்போதாவது, மற்றவர்கள் இல்லவே இல்லை. வழக்கமாகப் பகிரும் ஒருவர் திடீரென்று நிறுத்தினால் அவரிடம் போய்க் கேட்காதீர்கள், கடைசியாகக் குழுவில் போட்டது என்னவென்று பாருங்கள். தை மாதத்தில் எங்களுக்கு அப்படி நடந்தது. பார்த்தால், நான் அவசரத்தில் ஒரு விலைக்கழிவு அறிவிப்பைப் போட்டிருந்தேன். அதை எடுத்துவிட்டு, கொப்பியிலிருந்து அடுத்த கேள்வியை எடுத்தேன்: மழைமூட்டமான நாளில் எவ்வளவு யூனிட் வரும்? ஸ்டேட்டஸை எங்கள் இருவருக்கு மட்டும் காட்டிய அதே பொருத்துநர், தன் வீட்டு இன்வேர்ட்டர் திரையை மார்கழியில் நாள்தோறும் படம் எடுத்து வைத்திருந்தாராம். மறுநாள் காலை எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, "அக்கா, இதை முதலில் நான் போடட்டுமா?" என்று கேட்டார்.